ஒரு முஷ்டி உயரத்தில் வடக்கு!

‘வடக்கு எந்தப் பக்கம்?’ என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால், வரைபடத்தில் மேல்பக்கத்தைக் காட்டுவார்கள். ‘துருவ நட்சத்திரம் எங்கே?’ என்று கேட்டாலோ, அண்ணாந்து தலைக்கு மேலே தேடுவார்கள். ஆனைமலையில் அப்படித் தேடினால் விடிய விடியத் தேடினாலும் கிடைக்காது.

காரணம் எளிது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ, துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்தில்தான் தெரியும். டெல்லியில் சுமார் 28 டிகிரி. ஆனைமலையில் பத்தரை டிகிரிதான். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. சின்னப் பிள்ளைக்குக் கை சிறியது என்றாலும் நீளமும் குறைவு என்பதால், அளவு பெரிதாக மாறாது. ஆக, அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் பார்க்க வேண்டும்.

பகலில் ஒரு கோடு

இரவுப் பாடத்தைப் பகலிலேயே தொடங்குவது நல்லது. பள்ளி மைதானத்தில் 3 அடிக் குச்சி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். காலை 10.15 மணிக்கு நிழலின் நுனி எங்கே விழுகிறதோ, அங்கே ஒரு கல்லை வையுங்கள். குச்சியை மையமாக வைத்து, அந்தக் கல்லைத் தொடும்படி கயிற்றால் வட்டம் போடுங்கள். மதியம் நிழல் சுருங்கி மறுபடி நீளும். சுமார் இரண்டரை மணிக்கு அதன் நுனி மீண்டும் வட்டத்தைத் தொடும். அங்கே இரண்டாவது கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாகக் குச்சியின் அடி வழியே ஒரு கோடு கிழித்தால், அதுதான் வடக்கு - தெற்கு.

‘நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்’ என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் ஆனைமலைக்கு நேர் உச்சியில் வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் நிழல் தெற்கே விழும். வட்டம் போடும் முறைக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

இரவில் கவிழ்ந்த கரண்டி

ஏப்ரல் கடைசியில் இரவு 9 மணிக்குக் கோட்டின் தெற்கு முனையில் நின்று வடக்கே பார்க்கட்டும். நாலரை முஷ்டி உயரத்தில் ஏழு நட்சத்திரங்கள், கவிழ்த்து வைத்த கரண்டிபோலத் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டிக் காம்பு வலப்பக்கம் இருக்கும். காம்பின் நடு நட்சத்திரம் வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலாக மினுக்குவது அருந்ததி. கல்யாணத்தில் மணமக்களுக்குக் காட்டும் அதே அருந்ததிதான்!

கரண்டிக் கிண்ணத்தின் இடது ஓரத்தில் இரண்டு நட்சத்திரங்கள் மேலும் கீழுமாக இருக்கும். மேலே புலகர், கீழே கிரது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப்போல ஐந்து மடங்கு, அதே கோட்டில் கீழே இறங்கினால் துருவ நட்சத்திரம். அது குச்சியின் திசையிலேயே இருந்தால் பகல் கணக்கும் இரவுக் கணக்கும் ஒத்துப்போய்விட்டன.

டிசம்பர் இரவு 8 மணிக்குச் சப்தரிஷி தெரியாது. அப்போது அதே வடக்கில் நான்கு முஷ்டி உயரத்தில் ஐந்து நட்சத்திரங்கள் ஆங்கில ‘எம்’ எழுத்துபோல நிற்கும். அது காசியோபியா. அதற்கு நேர் கீழே தேட வேண்டும்.

ஏமாறும் இடங்கள்

பிரகாசமான நட்சத்திரத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். துருவ நட்சத்திரம் நடுத்தர வெளிச்சம் கொண்டது. அடிவானத்துப் புழுதியில் இன்னும் மங்கும். ஏப்ரலில் அதற்கு வலப்பக்கம், இரண்டு முஷ்டி உயரத்தில் ‘கோகாப்’ என்ற நட்சத்திரம் இருக்கும். பிள்ளைகள் பலமுறை அதைத்தான் காட்டுவார்கள். சந்தேகம் வந்தால் நட்சத்திரத்தைக் குச்சி நுனிக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நின்று பாருங்கள். கோகாப் இரண்டு விரல் அகலமாவது நகர்ந்திருக்கும். துருவ நட்சத்திரம் நகர்ந்ததே தெரியாது.

அடுத்த தடை, ஊரைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பு. 50 அடித் தென்னை வடக்கே 250 அடிக்குள் இருந்தால், துருவ நட்சத்திரம் மட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். நல்லவேளை, மலை இருப்பது ஊருக்குத் தெற்கே. வடக்கே சமவெளி. தோப்பைத் தாண்டி ஒரு வெட்டவெளி கிடைத்தால் போதும், பிள்ளைகள் முஷ்டியை நீட்டிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.