ரெஸ்யூமேயில் 99.8% துல்லியம்... சரி, அந்த மாடல் எங்கே ஓடியது?

"கிரெடிட் கார்டு மோசடியைக் கண்டுபிடிக்கும் மாடல், துல்லியம் 99.8%." மெஷின் லேர்னிங் இன்ஜினீயர் வேலைக்கு வரும் ரெஸ்யூமேக்களில் இப்படி ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். படிக்கப் பிரமாதமாகத்தான் இருக்கும்.

ஆனால், இந்த ப்ராஜெக்டுக்குப் பலரும் எடுப்பது காகிள் தளத்தில் உள்ள ஒரே டேட்டாவைத்தான். 2013 செப்டம்பரில், ஐரோப்பிய கார்டுகளில் இரண்டு நாளில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள் அதில் உள்ளன. மோசடி வெறும் 492. 'எதுவுமே மோசடி இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடலுக்கே 99.8% கிடைத்துவிடும். ஒரு திருடனைக்கூடப் பிடிக்காமல்!

இதை அனுபவசாலிகள் உடனே கவனித்துவிடுவார்கள். பலர் ஏமாறுவது அடுத்த வரியில்: "டாக்கர், ஃபாஸ்ட்ஏபிஐ மூலம் டிப்ளாய் செய்யப்பட்டது." அந்த டேட்டாவின் பெரும்பாலான காலங்களுக்கு `V1` முதல் `V28` வரைதான் பெயர். வாடிக்கையாளர் ரகசியம் காக்க, அசல் விவரங்களை பிசிஏ என்ற கணக்கால் உருமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். எப்படி உருமாற்றினார்கள் என்பதை வெளியிடவில்லை. அப்படியென்றால், இன்று ஒருவர் கடையில் கார்டைத் தேய்த்தால், அதை `V1`, `V2` என்று மாற்ற வழியே கிடையாது. ஏபிஐ இருக்கு, அதுக்குள்ள போட நிஜ உலகத்துல எதுவும் இல்ல!

நிஜமாக லைவில் ஓட்டியவரின் தலைவலியே வேறு. 'கடைசி 30 நாள் சராசரி செலவு' என்ற ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். நோட்புக்கில் அந்த நொடி வரைக்குமான கணக்கு சுலபமாகக் கிடைக்கும். லைவில் அது முந்தைய நாள் இரவு கணக்கிட்டதாக இருக்கலாம். காலையில் திருடன் பத்து முறை தேய்த்தாலும் மாடலுக்குத் தெரியாது. இன்னொன்று, எது மோசடி என்பது வாடிக்கையாளர் புகார் கொடுத்த பிறகே உறுதியாகும். அதற்குச் சில வாரங்கள்கூட ஆகும். அதுவரை மாடல் சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்த்தார்கள்?

இந்தக் கேள்விகளின் வாசனை ரெஸ்யூமேயிலேயே அடிக்கும். "புது மாடலை இரண்டு வாரம் பழையதோடு சேர்த்து, முடிவெடுக்க விடாமல் ஓட்டினோம், தவறான எச்சரிக்கைகள் கூடியதால் ரோல்பேக் செய்தோம்" என்ற வரியில் 99.8% இல்லை. ஆனாலும் இதை எழுதியவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

கம்பெனி ஒப்பந்தத்தால் எண்களை எழுத முடியாதவர்களும் உண்டு. பெரிய நிறுவனங்களில் டிப்ளாய்மென்ட்டை வேறு டீமே பார்ப்பதும் உண்டு. அவர்களை ரெஸ்யூமேயை மட்டும் வைத்து ஒதுக்குவது நியாயமில்லை. இன்டர்வியூவில் ஒரே கேள்வி போதும்: "மாடல் ராத்திரி சொதப்பினா யாருக்கு போன் வரும்?"

ஃப்ரெஷர்களிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அவர்கள் "இது பயிற்சி நோட்புக், 492-ல் எத்தனை பிடித்தது, எத்தனை நல்ல பரிவர்த்தனைகளைத் தவறாகத் தடுத்தது" என்று எழுதினாலே, போலி டிப்ளாய்மென்ட் வரியைவிட நம்பகமாக இருக்கும்.