லோடே இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உறுமுகிறது?

"லோடை எடுத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைச் சார்ஜ் பண்ணு" என்பது எங்கள் காலத்துப் பாடம். மேல்நிலைக் கம்பிக்கு அது சரி. நிலத்தடி கேபிளுக்கும் அதையே சொல்வது தவறு என்பேன்.

11 கிலோவோல்ட் கம்பத்திலிருந்து சில நூறு மீட்டர் கேபிள் போகிறது. மறுமுனையில் லோடு இல்லாத 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், ஹெச்.டி. பக்கம் டெல்டா. கம்பத்தில் பியூஸை ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். முதல் பியூஸ் விழுந்ததும், கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் காயில் வழியாக மற்ற இரண்டு பேஸின் கேபிளுக்குள் போகிறது. கேபிள் ஒரு கெபாசிட்டர்தானே? காயிலும் அதுவும் தொடராகச் சேர, இரும்பு கோர் காந்தத்தில் நிறைந்துவிடுகிறது. இன்னும் பியூஸ் போடாத பேஸில் வோல்டேஜ் இரண்டு மூன்று மடங்கு ஏறலாம். இதுதான் பெரோரெசொனன்ஸ். வழக்கமான ரீங்காரம் போய் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். அரெஸ்டர் சூடேறி வெடிப்பதும் உண்டு. ஓவர்லோடு என்று பழி போடவும் வழியில்லை!

எல்.டி. பக்கம் கொஞ்சம் லோடு இருந்தால் இந்த ஆட்டம் அடங்கும். அதைவிட நல்லது, மூன்று பேஸையும் ஒன்றாகப் போடும் ஸ்விட்சை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே வைப்பது. பியூஸ்களைப் போட்டுக் கேபிளை முதலில் தனியாகச் சார்ஜ் செய்துவிடலாம். கேபிளுக்குச் செலவழித்துவிட்டு இந்த ஸ்விட்சில் மிச்சம் பிடிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பிறகு லோடு இல்லாத நேரத்தில் கம்பத்தில் ஒரு பியூஸ் மட்டும் போனால், அந்த ஸ்விட்சும் காப்பாற்றாது.