ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா? ஐசி, வங்கி, முகவரி மூன்றும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்

ஷோப்பி, லஸாடா போன்ற தளங்களில் கடை திறக்கும் பலர் முதலில் பொருளைத்தான் படம் பிடிக்கிறார்கள். ஆவணங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஆனால் சிக்கல் வருவது அங்கேதான். பொருள் விற்றுவிடும், பணம் மட்டும் வங்கிக்கு வராது. காரணம், பெரும்பாலும் பெயர் ஒத்துப்போகாததுதான்.

தளங்கள் ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கின்றன?

விற்பவரின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றைத் தளங்கள் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (மின்னியல் வணிகம்) விதிமுறைகள் கூறின. அவை 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன. ஏமாற்றப்பட்டதாக ஒருவர் புகார் செய்தால், விற்றவர் யார் என்று தெரிய வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

பெயரில் எங்கே இடிக்கிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். செகாமட்டில் பிறந்து, ஸ்கூடாயில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் சேலை விற்க நினைக்கிறார். அவர் மைகார்ட்டில் KAVITHA A/P MURUGAN என்று இருக்கிறது. பாரத்தில் அவர் KAVITHA MURUGAN என்று நிரப்புகிறார். அவருடைய வங்கிக் கணக்கோ, பள்ளிக் காலத்தில் அம்மா பெயரோடு சேர்த்துத் திறந்தது.

நமக்கு இது எல்லாம் ஒரே ஆள்தான். சரிபார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. அதனால் பாரத்தில் பெயரை மைகார்ட்டில் உள்ளபடியே, A/P, A/L உட்பட, எழுத்து மாறாமல் நிரப்புங்கள். வங்கியில் அந்தச் சாய்கோடு மட்டும் விடுபட்டிருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. தகப்பனார் பெயரே இல்லை, அல்லது எழுத்து வேறாக இருக்கிறது என்றால், மைகார்ட்டோடு வங்கிக் கிளைக்குப் போய் முதலில் திருத்திவிடுங்கள். கூட்டுக் கணக்கு என்றால், உங்கள் பெயரில் மட்டும் புதிதாக ஒன்று திறப்பது சுலபம்.

வங்கி ஆவணம் எப்படி இருக்க வேண்டும்?

வங்கிப் பெயர், உங்கள் முழுப் பெயர், கணக்கு எண் மூன்றும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். செயலியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் பல நேரம் முழுப் பெயர் இருக்காது. மாதாந்திர ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கம் நல்லது. ஆனால் வங்கி அனுப்பும் பி.டி.எஃப் கடவுச்சொல்லோடு வரும்; அப்படியே ஏற்றினால் சரிபார்ப்பவரால் திறக்க முடியாது. பூட்டு இல்லாத பிரதியாகச் சேமித்து ஏற்றுங்கள்.

ஜொகூர்வாசிகள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளம் சிங்கப்பூர் கணக்கில் விழலாம். மலேசியக் கடைக்கு மலேசிய வங்கிக் கணக்குத்தான் வேண்டும்.

எந்த முகவரியைப் போடுவது?

செகாமட்டா, ஸ்கூடாயா? மைகார்ட்டில் இருப்பது உங்கள் அடையாளத்துக்கான முகவரி. பார்சலை எடுக்க வருவதும், திரும்பி வரும் பொருளை இறக்குவதும் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில். இரண்டையும் குழப்பாமல் அந்தந்தக் கட்டத்தில் நிரப்புங்கள். நிரந்தரமாகவே ஸ்கூடாய்க்கு மாறிவிட்டீர்கள் என்றால் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிவிடுங்கள். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. பழைய குறிப்புகளை நம்பி ஞாயிறன்று முகப்பிடத்துக்குப் போய் நிற்காதீர்கள்.

எஸ்.எஸ்.எம் பதிவு வேண்டுமா?

தனிநபராகப் பதிய மைகார்ட் போதும் என்று தளம் சொல்லலாம். சட்டம் வேறு. வியாபாரம் தொடங்கி 30 நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம்-இல் பதிய வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டம். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். தளத்தில் வணிக விற்பனையாளராகப் பதிந்தால் கடையின் பெயரிலேயே வங்கிக் கணக்கும் கேட்கப்படலாம். முதலில் எஸ்.எஸ்.எம், அடுத்து வங்கி, கடைசியில் தளம் என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

கடைசியாக ஒன்று

“உன் ஐசியிலும் கணக்கிலும் கடை திறந்து கொடு, மாதம் பணம் தருகிறேன்” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். நண்பராக இருந்தாலும்தான். அந்தக் கடையில் மோசடி நடந்தால், பதிவில் இருப்பது உங்கள் பெயர். வங்கிக் கணக்கை இப்படி மற்றவரிடம் ஒப்படைப்பதைக் குற்றமாக்கி 2024-இல் தண்டனைச் சட்டமும் திருத்தப்பட்டது. மைகார்ட் படத்தைத் தளத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் மட்டும் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பி, பணமும் போய்விட்டது என்றால் உடனே 997-ஐ அழையுங்கள்.