பீட்டா என்ன சந்தைக் கத்தரிக்காயா?

மக்களே, இது மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் கோபமான பதிவு. சங்கரன்கோவில் பக்கம் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு துணி நெய்யுற கம்பெனி நடத்துது. பிரைவேட் லிமிடெட், பங்குச்சந்தையில் இல்லாதது. அதை ஒரு பெரிய லிஸ்டட் மில் வாங்கப் பார்க்குது. வாங்குறவங்க தரப்பு கொடுத்த மதிப்பீட்டு ரிப்போர்ட்டை, "நீ பொட்டி தட்டுறவன்தானே, என்னன்னு பாருப்பா"ன்னு அனுப்பினாங்க. (அடையாளம் தெரியாம இருக்க எண்களை மாத்தியிருக்கேன்.)

ரிப்போர்ட்டோட கணக்கு இதுதான். அரசு கடன்பத்திர வட்டி 7%, பங்குச்சந்தைக்கான கூடுதல் வருமானம் 7%, லிஸ்டட் ஜவுளிக் கம்பெனிகளின் சராசரி பீட்டா 1.2. கேபிடல் அசெட் பிரைசிங் மாடல்படி 7 + 1.2 × 7 = 15.4%. அதுமேல "லிஸ்ட் ஆகாத கம்பெனி, ரிஸ்க் அதிகம்"னு ஒரு 3%. மொத்தம் 18.4%. பங்குதாரருக்கு வருஷம் ஒரு கோடி நிக்குது, அது அப்படியே தொடரும்னு வச்சா மதிப்பு சுமார் 5.4 கோடி. கையெழுத்துப் போடுங்கன்னுட்டாங்க.

முதல் உட்டாலக்கடி அந்த 1.2. பீட்டாவில் ரெண்டு சமாச்சாரம் கலந்திருக்கு: தொழிலோட ரிஸ்க், கடனோட ரிஸ்க். அந்த லிஸ்டட் மில்களுக்கு ஒரு ரூபாய் பங்கு மதிப்புக்கு ஒரு ரூபாய் கடன். நம்ம குடும்பத்துக்குக் கடன் ரெண்டு கோடிதான். அடுத்தவன் கடனை இவங்க தலையில் கட்டலாமா? முதலில் கடனைக் கழட்டணும்:

```
βU = βL / (1 + (1 - t) × D/E)
   = 1.2 / (1 + 0.75 × 1) = 0.69
```

வரி 25%னு வச்சிருக்கேன். இப்ப இவங்க கடனை மாட்டணும். இங்கே ஒரு சிக்கல் வரும். D/Eல வர்ற E சந்தை மதிப்பு. அதைத்தானே தேடிக்கிட்டிருக்கோம்! பேலன்ஸ் ஷீட்ல இருக்கிற எண்ணைப் போடக் கூடாது. ஒரு விகிதத்தை ஊகிச்சு, வர்ற மதிப்பை வச்சு சரிபார்க்கணும். 0.25ன்னு எடுத்தா பீட்டா 0.81, பங்கு மூலதனச் செலவு 12.7%, மதிப்பு 7.9 கோடி. ரெண்டு கோடியை 7.9ஆல் வகுத்தா 0.25. ஊகம் பொருந்துது.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. டெல்லி விமான நிலையத்தை நடத்துற கம்பெனி லிஸ்ட் ஆகாதது. 2012ல் ஒழுங்குமுறை ஆணையம் அதுக்குக் கட்டணம் நிர்ணயிச்சப்போ, வெளிநாட்டு லிஸ்டட் விமான நிலையங்களோட பீட்டாவில் கடனைக் கழட்டி, திரும்ப மாட்டிப் பார்த்துத்தான் வாதாடினாங்க. கடைசியில் அனுமதிச்சது 16%.

ரெண்டாவது உட்டாலக்கடி அந்த 3%. இதுக்கு எந்தக் கணக்கும் ரிப்போர்ட்ல இல்லை. ஏன் 3, ஏன் 5 இல்லைன்னு கேட்டா "அனுபவம்"னு பதில். சரி, அதுக்குப் பின்னாடி ஒரு நியாயமான கேள்வி இருக்கு, அதையும் பார்ப்போம். பீட்டா அளக்குறது சந்தையோட சேர்ந்து ஆடுற ரிஸ்க்கை மட்டும். தறி நின்னுபோச்சு, பெரிய வாடிக்கையாளர் போயிட்டார் மாதிரி தனி ரிஸ்க், பல பங்குகள் வச்சிருக்கறவருக்குக் கரைஞ்சிடும். மொத்த சொத்தையும் ஒரே கம்பெனியில் போட்டவருக்குக் கரையாது. நம்ம சென்னைக்காரர் அஸ்வத் தாமோதரன் இதுக்கு ஒரு வழி சொல்றார்: கடன் கழட்டின பீட்டாவை, அந்தத் தொழில் பங்குகளுக்கும் சந்தைக்கும் உள்ள ஒட்டுறவு எண்ணால் வகு. பேரு மொத்த பீட்டா. ஒட்டுறவு 0.5ன்னு வச்சா 1.37. கடன் விகிதத்தையும் திரும்ப சரிபண்ணினா செலவு 19.4%, மதிப்பு சுமார் 5.2 கோடி.

"பாத்தியா, எங்க 5.4 கோடி கிட்டத்தட்ட சரிதானே!"ன்னு அவங்க குதிக்கலாம். இல்லை சாமி. 5.2 கோடி யாருக்கான மதிப்பு? மொத்த ஆஸ்தியையும் அதிலேயே வச்சிருக்கிற குடும்பத்துக்கு. வாங்குறது யாரு? ஆயிரக்கணக்கான பங்குதாரர் இருக்கிற லிஸ்டட் கம்பெனி. அவங்களுக்கு அந்தத் தனி ரிஸ்க் பெரிய விஷயமே இல்லை. அவங்களுக்கு இது 7.9 கோடி பெறும். ஆக விற்கிறவருக்கு அடிமட்டம் 5.2, வாங்குறவருக்கு உச்சம் 7.9. நடுவில் இருக்கிற 2.7 கோடி பேரம் பேச வேண்டிய பணம். அதில் 2.5 கோடியை வாங்குறவர் பாக்கெட்டில் போட்டுட்டு, அதுக்கு விஞ்ஞானம்னு பேர் வைக்கிறது அயோக்கியத்தனம்.

உங்க கைக்கும் இப்படி ரிப்போர்ட் வந்தா மூணு கேள்வி கேளுங்க. பீட்டாவில் கடனைக் கழட்டி மாட்டினீங்களா? கூடுதல் சதவீதம் எந்தக் கணக்கில் வந்தது? யாரோட கண்ணால் பார்த்த ரிஸ்க் இது? மூணாவதுக்குத்தான் முழிப்பாங்க.

டிஸ்கி: 1.2ம் கேள்விக்குரியதுதான். அதிகம் வியாபாரமாகாத சின்ன பங்குக்கு தினசரி விலையில் பீட்டா போட்டா, நிஜத்தைவிடக் குறைவா காட்டும். வாராந்திர, மாதாந்திர விலையிலும் போட்டுப் பாருங்க. மூணும் மூணு திசையில் போனா ஒரு கம்பெனியை நம்பாம நிறைய கம்பெனி சராசரியை எடுங்க. கும்மியடிக்கறவங்க பின்னூட்டத்துக்கு வாங்க :)