அட்மின் இருந்தால் போதுமா?

“நம்ம குரூப் பிரைவேட்தான் சார். அட்மின் இருக்காரு, அவர் பாத்துக்குவாரு.” தாம்பரம் சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. 2015இல் அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் வாட்ஸ்அப் குழுவை நம்புவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பாதிதான் சரி.

‘பிரைவேட்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் கம்யூனிட்டியில் சேர்ந்ததும் நீங்கள் அறிவிப்புக் குழுவுக்குள் போய்விடுவீர்கள். அங்கே உங்கள் எண் அட்மின்களுக்கும், அதை ஏற்கெனவே போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும்தான் தெரியும். அதே கம்யூனிட்டியில் இருக்கும் உங்கள் தெருக் குழுவில் சேர்ந்தாலோ, அங்குள்ள ஒவ்வொருவருக்கும் எண் தெரிந்துவிடும். ஆக ஒரே கம்யூனிட்டிக்குள் இரண்டு விதமான மறைவு. குழுவின் இணைப்பை யாரோ நல்லெண்ணத்தில் பொதுப் பக்கத்தில் போட்டுவிடுகிறார் என்று வையுங்கள். மனை புரோக்கர் ஒருவர் அதன் வழியாக உள்ளே வந்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், எண்களை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். அட்மின் பழைய இணைப்பை ரத்து செய்து புதியது போடலாம். அது இனி வருபவரைத்தான் தடுக்கும். உள்ளே வந்துவிட்டவரை ஒன்றும் செய்யாது. புதியவர் சேர அட்மின் ஒப்புதல் தேவை என்ற அமைப்பை முன்பே போட்டிருக்க வேண்டும். அப்போதும் கோரிக்கையோடு வரும் பெயரையும் எண்ணையும் பார்த்து, எந்த வீடு என்று கேட்காமல் ஒப்புதல் கொடுத்தால் பயனில்லை.

ஃபேஸ்புக்கின் கதை வேறு. அங்கே பிரைவேட் குழுவையும் தேடலில் தெரியும்படி விடலாம், தெரியாமலும் மறைக்கலாம். மாடரேட்டர் பதிவை நீக்கலாம், ஆளை வெளியேற்றலாம்; குழு அமைப்புகளை மாற்றும் அதிகாரம் அட்மினுக்கே. வாட்ஸ்அப்பில் மாடரேட்டர் என்ற படிநிலையே கிடையாது.

அடுத்தது, “அட்மின் அழிச்சிட்டா போச்சு” என்பது. அட்மின் நீக்கினால் செய்தி உரையாடலிலிருந்து போகும், அட்மின் நீக்கினார் என்ற குறிப்பும் நிற்கும். அதற்குள் ஃபார்வர்டு ஆனதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் அவர் கைக்கு எட்டாது.

“எது வந்தாலும் அட்மின்தான் உள்ளே போவார்” என்ற பயமும் மிகை. கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குழு வழக்கில், 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மனுதாரர் அட்மினாக மட்டுமே இருந்திருந்தால் இறுதி அறிக்கையிலிருந்து அவர் பெயரை நீக்கச் சொன்னது. அதே ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, பிறர் போடுவதை முன்கூட்டியே தணிக்கை செய்ய அட்மினுக்கு வழியில்லை என்றது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகுதான், 2022இல், பிறர் செய்தியை நீக்கும் வசதி அட்மினுக்கு வந்தது. எனவே கண்ணெதிரே கிடக்கும் அவதூறை விட்டுவைத்துவிட்டு “எனக்கு அதிகாரமில்லை” என்று இன்று சொல்வது அவ்வளவு எடுபடாது.

முன்கூட்டியே தடுக்க ஒரே வழி, அட்மின் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டுவது. பூட்டிவிட்டால், கடைசித் தெருவில் நள்ளிரவில் தண்ணீர் ஏறுவதை முதலில் பார்ப்பவரால் அதைக் குழுவில் சொல்ல முடியாது. மழை மாதங்களில் தெருக் குழுவைத் திறந்துவைத்து, அறிவிப்புக் குழுவை மட்டும் பூட்டியே வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.