காகித வரியும் கிடங்கில் தேங்கும் படிகளும்

சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் 2025 செப்டம்பர் 3 அன்று தனது 56ஆவது கூட்டத்தில் எடுத்த முடிவின்படி, நூல் அச்சிடப் பயன்படும் காகிதத்தின் மீதான வரி செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்துள்ளது. பள்ளிக் குறிப்பேடுகளுக்குப் போகும் பூச்சில்லாக் காகிதத்துக்கு அதே முடிவில் முழு விலக்கு கிடைத்திருப்பதால், ஒரே ஆலையில் ஒரே உருளையிலிருந்து வெட்டப்படும் காகிதம், எழுதாத ஏடாகப் போனால் வரியின்றியும் எழுதிய நூலாகப் போனால் பதினெட்டு விழுக்காடு வரியோடும் விற்கப்படும் நிலை உருவாகியுள்ளது. அச்சிட்ட நூலுக்கு வரி இல்லை என்பது பதிப்பாளருக்குச் சலுகைபோலத் தோன்றினாலும், விற்பனையில் வரி இல்லாததால், உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் உரிமை, பதிப்பாளருக்குக் கிடைப்பதில்லை. காகிதத்தில் கட்டிய வரி முழுவதும் நூலின் அடக்கவிலையில் ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது.

இந்த உயர்வைச் சமாளிக்கப் படிகளின் எண்ணிக்கையைக் கூட்டி அச்சிட்டால் படி ஒன்றுக்கான அடக்கம் குறையும் என்ற பேச்சு பதிப்பு வட்டாரத்தில் எழுந்திருக்கிறது. சிறு பதிப்பாளருக்கு இதைவிடத் தவறான வழி வேறில்லை என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு நூலை எடுத்துக்கொண்டு கணக்கிடுவது தெளிவைத் தரும். பழவேற்காடு ஏரியின் மீனவக் குப்பங்களில் வழங்கும் பாடு முறையைப் பற்றி, டெம்மி எட்டில் ஒன்று அளவில், 160 பக்கத்தில் ஒரு நூல் வெளிவரவிருப்பதாகக் கொள்ளலாம். பாடு முறை என்பது ஏரிக்குள் இறாலுக்கு வலை கட்டத் தகுந்த இடங்களைக் குப்பத்தின் உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடாகும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பெயர் இதனோடு சேர்த்தே பேசப்படும். இத்தகைய நூலை வாங்குவோர் யார் என்பதை ஓரளவு விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குப்பங்களில் படிப்பவர்கள், பொன்னேரி மீன்வளக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், கடற்கரை வாழ்வையும் சூழலையும் ஆய்வு செய்பவர்கள், சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் வாசகர்களில் ஒரு சிறு பகுதியினர் ஆகியோரைச் சேர்த்து, இரண்டாண்டுகளில் 450 படிகள் விற்கும் என்றும், ஆசிரியருக்கும் மதிப்புரைக்குமாக 50 படிகள் போகும் என்றும் வைத்துக்கொள்ளலாம். இனி வரும் விலைகள் கணக்கை விளங்கவைக்க எடுத்துக்கொண்டவை. ஒவ்வொரு பதிப்பாளரும் தமது அச்சகத்தின் விலைப்பட்டியலை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வரியின் பங்கைப் பார்க்கலாம். ஒரு ஃபாரம் என்பது ஒரு டெம்மித் தாளின் இரு புறமும் அச்சாகும் 16 பக்கமாதலால், 160 பக்க நூலின் ஒரு படிக்குப் பத்துத் தாள் வேண்டும். ஆயிரம் படிக்குப் பத்தாயிரம் தாள், அதாவது இருபது ரீம், கழிவுக்கு ஐந்து விழுக்காடு சேர்த்தால் இருபத்தொரு ரீம் ஆகும். எழுபது கிராம் மேப்லித்தோவில் டெம்மி ரீம் ஏறத்தாழ 8.9 கிலோ நிற்கும் என்பதால் மொத்த எடை 187 கிலோவும், கிலோ 85 ரூபாய் வீதம் அதன் விலை சுமார் 15,900 ரூபாயும் ஆகின்றன. இதன் மீது 12 விழுக்காடு வரி 1,908 ரூபாய். 18 விழுக்காடு வரி 2,862 ரூபாய். கூடுதல் சுமை ஆயிரம் படிக்கு 954 ரூபாய், படி ஒன்றுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. மேலும், காகித வரி தாள்தோறும் ஏறும் செலவாதலால், ஐந்நூறு அச்சிட்டாலும் ஐயாயிரம் அச்சிட்டாலும் படி ஒன்றின் மீதான அதன் சுமை மாறுவதில்லை. எண்ணிக்கையைக் கூட்டினால் பரவிக் கரைவது தகடுக்கும் இயந்திரத்தைச் சீர்செய்வதற்கும் ஆகும் தொடக்கச் செலவு மட்டுமே. எனவே வரியைச் சமாளிக்க அதிகம் அச்சிடுவது என்ற வாதம் இரு வேறு செலவுகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாகும்.

அந்தத் தொடக்கச் செலவை 18,000 ரூபாய் என்றும், அதன்பின் ஒவ்வொரு படிக்கும் உள்தாள் 19, மேலட்டையும் லேமினேஷனும் 7, அச்சுக்கூலி 8, கட்டுமானம் 10 என 44 ரூபாய் என்றும் கொண்டால், ஆஃப்செட்டில் 500 படிக்கு 40,000 ரூபாய், அதாவது படிக்கு 80 ரூபாய் ஆகிறது. 1,000 படிக்கு 62,000, அதாவது படிக்கு 62 ரூபாய். 2,000 படிக்கு 1,06,000, அதாவது படிக்கு 53 ரூபாய். டிஜிட்டல் அச்சில் எத்தனை படியானாலும் ஒரு படி 90 ரூபாய் என்றால், ஏறத்தாழ 390 படிக்குக் கீழே டிஜிட்டலும் அதற்கு மேலே ஆஃப்செட்டும் மலிவு. தட்டச்சு, மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை ஓவியம் ஆகியவற்றுக்கான 20,000 ரூபாய் எந்த எண்ணிக்கையிலும் எந்த அச்சுமுறையிலும் மாறாதென்பதால் எண்ணிக்கையை முடிவுசெய்யும்போது அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. விலையை முடிவுசெய்யும்போது மறக்கவும் கூடாது.

அச்சகத்தின் விலைப்பட்டியலில் 80 என்பது 62 ஆகக் குறைவதுதான் பதிப்பாளரை மயக்கும் இடம். அந்த 62 ரூபாய் அச்சான படியின் அடக்கமே தவிர, விற்ற படியின் அடக்கம் அன்று. ஆயிரம் அச்சிட்டு 450 விற்றால் 62,000 ரூபாயும் அந்த 450 படிகளின் மீதே விழுந்து, விற்ற படிக்கு 138 ரூபாய் ஆகிறது; ஐந்நூறு அச்சிட்டு அதே 450 விற்றால் 89 ரூபாயோடு நிற்கிறது. நூலின் விலை 200 ரூபாய், விற்பனையாளர் கழிவு 40 விழுக்காடு, ஆசிரியர் உரிமத்தொகை 10 விழுக்காடு எனில் பதிப்பாளர் கைக்கு வருவது படிக்கு 100 ரூபாய், மொத்தம் 45,000 ரூபாய். ஐந்நூறு அச்சிட்டவருக்கு அச்சுச்செலவு போக ஐயாயிரம் மிஞ்சும். ஆயிரம் அச்சிட்டவர் பதினேழாயிரம் இழந்து, ஐந்நூறு படிகளைக் கிடங்கில் வைத்திருப்பார். அந்த ஐந்நூறு படிகளின் காகிதத்துக்குக் கட்டிய வரியும் திரும்பி வராது.

ஐந்நூறு படி என்பது இருபத்தைந்து படி கொண்ட இருபது கட்டு, ஏறத்தாழ 90 கிலோ. பார்வைக்குச் சிறிய குவியல்தான். ஆனால் பழவேற்காடு போன்ற உப்பங்கழிக் கரையில், ஆசிரியர் வீட்டிலோ வாடகை அறையிலோ அடுக்கினால், ஐப்பசி கார்த்திகை மழையில் கெடுவது மேல்கட்டு அன்று, தரையையும் சுவரையும் ஒட்டிய அடிக்கட்டுகளே. ஈரத்தை முதலில் காட்டுவது தாளின் ஓரத்தில் தோன்றும் அலை. அடுத்து, லேமினேஷன் ஒரு புறம் மட்டும் ஒட்டியிருப்பதால் ஈரம் குடித்த அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். பிறகு முதுகுப் பசை விட்டு நடு ஃபாரம் கையோடு வரும். ஆகவே கணக்கெடுப்பவர் மேல்கட்டை எண்ணிவிட்டுத் திரும்பாமல், அடிக்கட்டு ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பதிப்பாளர்கள் சிலரின் கிடங்குகளில் தண்ணீர் புகுந்தபோது, விற்காத படியைச் சொத்து என்று ஏட்டில் எழுதிவைப்பதன் பொருள் என்னவென்று தெரிந்தது.

இத்தனையும் தெரிந்த பதிப்பாளர்கள் ஏன் இன்னும் ஆயிரம் அச்சிடுகிறார்கள் என்ற கேள்விக்கு விடை காகிதச் சந்தையில் இல்லை. நூலக ஆணையில் இருக்கிறது. மேற்கண்ட நூல் ஐந்நூறு படியில் அச்சுச்செலவை மீட்டாலும், 20,000 ரூபாய் முன்தயாரிப்புச் செலவில் 15,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை அடைக்கக்கூடிய ஒரே பெரிய கொள்முதலாளர் அரசுதான். அந்த அரசு எத்தனை படி வாங்கும், எப்போது வாங்கும், வாங்குமா என்பதை நூல் அச்சாகி வெளிவந்து, விண்ணப்பித்து, காத்திருந்த பிறகே பதிப்பாளர் அறிகிறார். 2024ஆம் ஆண்டின் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை தேர்வைச் சீர்செய்ய முயன்றதை மறுப்பதற்கில்லை. ஆனால் காலவரிசை மாறவில்லை. எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டிய நாளில் பதிப்பாளர் கையில் இருப்பது இன்னமும் ஊகமே.

இந்த ஊகத்தின் விலையையும் கணக்கிடலாம். நூலகத்துறை 200 படி வாங்கும் என்று அச்சுக்கு முன்பே தெரிந்தால் 700 அச்சிட்டாலே போதும். 450 விற்பனைக்கும் 200 நூலகத்துக்கும் 50 அன்பளிப்புக்குமாக அவை சரியாகத் தீரும். ஐந்நூறுக்கு மேலான அந்த 200 கூடுதல் படிக்கு ஆஃப்செட்டில் 8,800 ரூபாய் ஆகும். தெரியாமல் 500 அச்சிட்டு, ஆணை வந்தபின் அதே 200 படியை டிஜிட்டலில் அச்சிட்டால் 18,000 ரூபாய் ஆகும். ஆணையை நம்பி ஆயிரம் அச்சிட்டு ஆணை வராவிட்டால் 22,000 ரூபாய் முடங்கும். ஆணை வருவதற்குப் பாதி வாய்ப்புக்கு மேல் இருந்தால் 700 அச்சிடுவது சரி, அதற்குக் குறைந்தால் 500 அச்சிடுவது சரி, எந்த வாய்ப்பிலும் ஆயிரம் சரியன்று என்பதே இந்தக் கணக்கின் முடிவு. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதல் செலவுக்கு அஞ்சி இருபத்திரண்டாயிரத்தைப் பணயம் வைக்கும் பழக்கம் பதிப்பாளரின் அறியாமையால் மட்டும் வந்ததன்று. ஆணை என்பதை அறிவிக்கப்படாத நாளில் பெய்யும் மழையாகப் பல ஆண்டுகள் நடத்திய நிர்வாகமே அதைப் பழக்கியது.

இதில் பணமில்லை என்று சொல்ல வழியில்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரியைப் பழவேற்காட்டில் வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார்.  ஆனால் அவர் ஊரின் ஏரியையும் பாடு முறையையும் பற்றிய நூலை அவர் மாவட்டத்தின் நூலகங்கள் இத்தனை படி வாங்கும் என்று அச்சுக்கு முன்பே யாரும் சொல்வதில்லை. நூல் எழுதப்படாத காகிதத்துக்கு வரிவிலக்கு அளிப்பதும், எழுதப்பட்ட நூலை வாங்குவதாகக் காத்திருக்கவைப்பதும் இரு வேறு அரசுகளின் செயல்கள். பதிப்பாளரின் கணக்கேட்டில் அவை ஒரே பக்கத்தில்தான் பதிவாகின்றன.

காகித வரியைக் குறைக்கக் கோருவது நியாயமானதே. குறைந்தால் படிக்கு ஒரு ரூபாய் மிஞ்சும். கொள்முதல் விருப்பத்தை மெய்ப்பு நிலையிலேயே பெற்றுக்கொண்டு, மாவட்டவாரியாக வாங்கவிருக்கும் படிகளின் எண்ணிக்கையை அச்சுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறினால், இதே நூலில் ஒன்பதாயிரம் முதல் இருபத்திரண்டாயிரம் வரை மிஞ்சும். பதிப்பாளர் அமைப்புகள் தம் மனுக்களில் இந்த இரண்டாவது கோரிக்கையை முதலாவதாக எழுத வேண்டும். அது நிறைவேறும்வரை, அச்சகம் தரும் படிவிலையை விற்பனை எதிர்பார்ப்பால் திருத்தி, விற்ற படியின் அடக்கமாக மாற்றிப் பார்த்த பிறகே எண்ணிக்கையில் கையொப்பமிட வேண்டும்.