இல்லாத அனுபவத்தை விற்பதை நிறுத்துங்கள்

தாம்பரம் முதல் வேளச்சேரி வரை மென்பொருள் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் சில கன்சல்டன்சிகள் பாடத்தோடு பொய்யையும் விற்கின்றன. பணம் கட்டினால் பெயரளவு நிறுவனம் ஒன்றின் ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் கைக்கு வந்துவிடும். இது உதவி அல்ல, குற்றம். ஏமாற்றும் நோக்கில் ஆவணம் புனைவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(3) பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அந்தத் தாளை உண்மையானது என்று நீட்டும் பிள்ளையும் சட்டத்தின் பிடிக்குள் வருகிறான்.

பொய் வெளிப்படும் வழியும் எளிது. வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என் கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பவற்றுள் அதுவும் ஒன்று. 2022 நவம்பரில் அக்சென்ச்சர் இந்தியா, போலி நிறுவனங்களின் அனுபவக் கடிதம் கொடுத்துச் சேர்ந்தவர்களை வெளியேற்றியதாக அறிவித்தது. வேலையில் அமர்ந்து, வீட்டுக் கடனும் வாங்கிய பிறகு அப்படி வெளியேறுவது எத்தகைய அடி என்பதை இந்த வியாபாரிகள் சொல்வதில்லை.

சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு. சோழிங்கநல்லூர் நிறுவனம் ஒன்று டெஸ்டிங் வேலைக்கு மூன்று ஆண்டு அனுபவமும் செலினியமும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு மேனுவல் டெஸ்டிங்கில் 16 மாத அனுபவம்தான். ரெஸ்யூமில் சேர்ந்த மாதம், விலகிய மாதம் இரண்டையும் உள்ளபடி போடட்டும். ஆன்லைன் படிவம் முழு ஆண்டுகளைத்தான் ஏற்கும் என்றால் ஒன்று என்றே நிரப்பட்டும். செலினியத்துக்கு நேராக, "வேலையில் பயன்படுத்தியதில்லை, சொந்தமாகக் கற்று லாகின், தேடல் பக்கங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன்" என்று எழுதட்டும். எழுதியிருந்தால் மட்டும். எச்.ஆர். அழைக்கும் முதல் போனிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது சுற்று வரை மறைக்கக் கூடாது.

நேர்காணலில், "பக்கம் முழுதாக வருமுன் ஸ்கிரிப்ட் பட்டனைத் தேடித் தோற்றால் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். இரண்டே பக்கமானாலும் சொந்தமாகச் செய்தவள், அந்தப் பட்டன் வரும்வரை காத்திருக்கும்படி எழுதியதைச் சொல்வாள். மூன்று ஆண்டு என்று கடிதம் வாங்கியவன் அங்கேயே திணறுவான்.

இப்படி உள்ளதைச் சொல்லி விண்ணப்பிப்பது எல்லா இடத்திலும் பலிக்காது. அரசுப் பணி அறிவிக்கையில் அனுபவம் கட்டாயத் தகுதியாக இருந்தால், குறித்த நாளில் அது இல்லாதவர் விண்ணப்பிக்கவே கூடாது. தனியாரிடம் பேச இடமுண்டு. ஆனால் அந்த இடத்தை அடைப்பவர்களும் கண்டிக்கத்தக்கவர்களே. புதியவர் சில வாரங்களில் பழகிக்கொள்ளும் கருவிகளையெல்லாம் கட்டாயம் என்று அடுக்கி, ஆண்டுக் கணக்கு குறைந்த ரெஸ்யூமைப் படிக்காமலே கழிக்கும் நிறுவனங்கள்தான் இந்தக் கன்சல்டன்சிகளுக்கு வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கின்றன.

பழைய மாமல்லபுரம் சாலை நிறுவனங்கள் விளம்பரத்தில் கட்டாயத் தகுதியையும் சேர்ந்த பின் கற்கக்கூடியதையும் தனித்தனியே குறிப்பிட வேண்டும். காவல்துறை கடிதம் விற்கும் கடைகள் மீது, பாதிக்கப்பட்டவரின் புகாருக்குக் காத்திராமல், வழக்குப் பதிய வேண்டும். வாங்கியவர் தானும் சிக்குவார் என்பதால் புகார் தர வரமாட்டார்.